பெடலைத் தொடாமலே ஓடும் பம்ப்

காரில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது சக்கரம் சுழற்சி நின்று சாலையில் வழுக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்வதே ஏபிஎஸ் அமைப்பின் வேலை. 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் போஷ் நிறுவனத்தின் மின்னணு ஏபிஎஸ் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயம். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒரு சென்சார் அளந்துகொண்டே இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் திடீரென்று வேகம் குறைந்தால், அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று பொருள். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஆயிலை ஒரு வால்வு தடுக்கும். இன்னொரு வால்வு திறந்து, ஏற்கெனவே சேர்ந்த அழுத்தத்தைக் கொஞ்சம் வடித்துவிடும். வடிந்த ஆயிலை ஒரு சிறு மின்மோட்டார் பம்ப் மாஸ்டர் சிலிண்டர் பக்கமே திருப்பித் தள்ளும். சக்கரம் மீண்டும் உருண்டதும் அழுத்தம் ஏறும். இது ஒரு நொடிக்குள் பல முறை நடந்து முடிகிறது. இந்த வால்வுகளும் பம்பும் மோட்டாரும் ஒரே அலுமினியக் கட்டியில் அடங்கியிருக்கின்றன. அதைத்தான் ஒர்க்ஷாப்பில் ஏபிஎஸ் யூனிட் என்கிறார்கள்.

பம்ப் ஆயிலைத் திருப்பித் தள்ளும் திசையில்தான் ஓட்டுநரின் காலும் இருக்கிறது. அதனால் ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். முன்பக்கத்தில் கரகரவென்று சத்தம் கேட்கும். மழையில் நனைந்த சாலையிலோ மணல் சிதறிய வளைவிலோ இது நடந்தால் யூனிட் ஒழுங்காக வேலை செய்கிறது என்றே கொள்ள வேண்டும். பழக்கமில்லாதவர்கள் அந்த அதிர்வில் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அப்போதுதான் கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறது. கார் கிளம்பிச் சிறிது வேகம் பிடித்ததும் ஒரு முறை மட்டும் "டொக்" என்றோ "வ்ர்ர்" என்றோ கேட்பதும் கோளாறு இல்லை. யூனிட் தன் மோட்டாரை ஒரு கணம் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் சத்தம் அது.

சந்தேகப்பட வேண்டியவை வேறு. காய்ந்த தார்ச்சாலையில் மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போதே பெடல் அதிர்கிறது என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலோரின் காரில் ஏபிஎஸ் யூனிட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முதல் காரணம் டிஸ்க். சக்கர நட்டுகளைக் காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை அதிகமாகவும் ஒன்றைக் குறைவாகவும் முடுக்கினால் டிஸ்க் லேசாகக் கோணிக்கொள்ளும். கோணிய டிஸ்க் பேடில் ஒரே இடத்தில் உரசி உரசி, நாளடைவில் அதன் கனம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தாலே காலுக்குத் தெரியும். இந்த அதிர்வு சக்கரத்தின் சுழற்சியோடு சேர்ந்தே வரும்; வேகம் குறையக் குறைய அதுவும் மெதுவாகி, கார் நிற்கும்போது தனித்தனித் தட்டுகளாகப் பிரியும். ஏபிஎஸ் அதிர்வு அப்படி மெதுவாவதில்லை. அதோடு பம்ப் சத்தமும் சேர்ந்து வரும். டிஸ்க் அதிர்வில் பம்ப் சத்தம் இருக்காது.

இரண்டாவது காரணம் சென்சார். கார் நிற்கப்போகிற கடைசி ஓரிரு மீட்டரில், அதாவது மணிக்குப் பத்து கிலோமீட்டருக்கும் கீழே, பம்ப் சத்தத்தோடு பெடல் உதைத்தால் ஏபிஎஸ் உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் தவறான செய்தியை நம்பி வேலை செய்கிறது. சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தில் ஒரு விரிசல் விழுந்திருக்கலாம், சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறி இடைவெளி கூடியிருக்கலாம், அல்லது வீல் பேரிங் ஆடலாம். மெதுவாகப் போகும்போது சென்சாரின் சமிக்ஞை ஏற்கெனவே பலவீனமாக இருக்கும். அதில் ஒரு பல்லின் கணக்கு விட்டுப்போனால், சக்கரம் நின்றுவிட்டது என்று கணினி முடிவு கட்டிவிடுகிறது. ஸ்கேனரை மாட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒரே திரையில் பார்த்துக்கொண்டே காரை மெதுவாக நிறுத்தினால், ஒரு சக்கரத்தின் எண் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே சுழியத்துக்கு விழுவதைக் காணலாம். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு யூனிட் விலையில் சிறு பகுதிதான். இந்தச் சோதனை செய்யாமலே யூனிட்டை மாற்றிவிட்டு, அதிர்வு அப்படியே இருக்கிறதே என்று திரும்பி வரும் கார்கள் உண்டு.

யூனிட்டே கெட்டுப்போவதை எளிதில் அடையாளம் காட்டுவதும், செலவுக் கணக்கைக் கூர்மையாக்குவதும் டொயோட்டா பிரியஸின் மூன்றாம் தலைமுறை. 2009 முதல் 2015 வரை வந்த இந்த ஹைபிரிட் கார் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெருமளவில் விற்றது. ஜப்பானில் ஓடிய பழைய கார்களை வாங்கி இறக்கும் இலங்கையிலும் கொழும்பு முதல் யாழ்ப்பாணம் வரை இதைக் காணலாம். சாதாரணக் காரின் ஏபிஎஸ் பம்ப் அபூர்வமாகத்தான் ஓடும். பிரியஸில் அப்படி இல்லை. இந்தக் காரின் வேகத்தைப் பெரும்பாலும் மின்மோட்டார்தான் குறைக்கிறது. குறையும் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்கு அனுப்புகிறது. மீதி எவ்வளவு பிரேக் தேவை என்று கணினி கணக்கிட்டு, வால்வுகளைக் கொண்டு சக்கரங்களுக்கு ஆயில் அழுத்தத்தை அளந்து அனுப்புகிறது. அந்த அழுத்தம் ஓட்டுநரின் காலிலிருந்து வருவதில்லை. ஒரு பம்ப் அதை முன்கூட்டியே ஏற்றி, நைட்ரஜன் வாயு அடைத்த ஒரு சேமிப்புக் கலத்தில் வைத்திருக்கிறது. டயரில் உள்ள காற்றழுத்தத்தைப் போல் பல பத்து மடங்கு அழுத்தம் அது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்ததுமே முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்பது, பம்ப் அந்தக் கலத்தை நிரப்புவதால்தான்.

அழுத்தம் ஒரு கீழ் வரம்பைத் தொட்டால் பம்ப் ஓடும், மேல் வரம்பைத் தொட்டால் நிற்கும். வீட்டில் பிரஷர் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் தானாக ஓடி ஓடி நின்றால் எங்கோ ஒரு குழாய் ஒழுகுகிறது. பிரியஸிலும் அப்படியே. ஆனால் இங்கே ஒழுக்கு வெளியே வராது. அழுத்தத்தை அளந்து அனுப்பும் வால்வுகளின் இருக்கையில் தேய்மானமோ மிக நுண்ணிய துகளோ சேர்ந்தால், மூடியிருக்கும்போதும் ஆயில் அந்த வால்வைக் கடந்து தொட்டிக்கே திரும்பிவிடும். தரையில் ஒரு சொட்டும் விழாது, தொட்டியிலும் ஆயில் குறையாது. சத்தம் மட்டும் அடிக்கடி வரும்.

இதைக் கண்டுபிடிக்க முதலில் ஒரு கடிகாரம் போதும். சமதரையில் பார்க்கிங்கில் போட்டு, காரை "ரெடி" நிலைக்குக் கொண்டுவந்து, ஏசியையும் பாட்டையும் அணைத்துவிட்டுப் பெடலில் கால் வைக்காமல் உட்கார வேண்டும். நல்ல யூனிட்டில் பம்ப் ஒரு முறை ஓடி நின்றபின் நிமிடக்கணக்கில் அமைதியாக இருக்கும். பெடலைத் தொடாமலே பத்து, இருபது நொடிக்கு ஒரு முறை ஓடினால் உள்கசிவு தொடங்கிவிட்டது. மாதத்துக்கு ஒரு முறை இந்த இடைவெளியை எண்ணிக் குறித்துவைத்தால், அது சுருங்கிக்கொண்டே போவதும் தெரியும். எச்சரிக்கை விளக்கு எரிவதற்கு வெகு முன்பே இந்தச் சத்தம் ஆரம்பிக்கிறது. ஆனால் ஓடும் காரில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

ஸ்கேனரில் அழுத்தத்தின் வரைகோட்டைப் பார்த்தால் இன்னொன்றும் பிரித்தறியலாம். உள்கசிவு என்றால் பெடலைத் தொடாமலே கோடு சீராகச் சரிந்து, பம்ப் ஓடியதும் ஏறி, மறுபடி சரியும். வாள்பல் போலத் தெரியும். சேமிப்புக் கலத்தின் நைட்ரஜன் போய்விட்டிருந்தால் தொடாதவரை கோடு அப்படியே நிற்கும். ஒரு முறை மிதித்ததும் செங்குத்தாக விழும், பம்ப் தொட்டதும் அதே வேகத்தில் ஏறும். தள்ளிக் கொடுக்க வாயு இல்லாத கலத்தில் ஆயில் சேர இடமில்லை என்பதால் இப்படி ஆகிறது. இது வெறும் நுணுக்கம் இல்லை. இந்தக் காரில் பம்பும் சேமிப்புக் கலமும் சேர்ந்து ஒரு பாகம்; வால்வுகளும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்து இன்னொரு பாகம். எது கெட்டது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றினால் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கலத்தில் வாயு கசியும் பிரச்சினைக்காக 2009இல் தயாரான பிரியஸ்களையும் லெக்சஸ் எச்எஸ்250எச் கார்களையும், மொத்தம் இரண்டு லட்சத்துக்கு மேல், டொயோட்டா 2013இல் திரும்ப அழைத்தது. பழைய காரை வாங்குபவர் அந்த வேலை நடந்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கசிவு முற்றியதும் டாஷ்போர்டில் பிரேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரியும். ஸ்கேனரில் C1391 என்ற குறி வந்தால் கலத்தின் அழுத்தம் அளவுக்கு மீறிக் கசிகிறது என்று பொருள். C1252 என்றால் பம்ப் மோட்டார் வழக்கத்துக்கு மீறி நீண்ட நேரம் ஓடுகிறது. C1256 என்றால் அழுத்தம் குறைந்துவிட்டது. C1241 மட்டும் வந்தால் யூனிட்டின் மேல் பழி போட அவசரப்படக் கூடாது. அது மின்னழுத்தக் குறைவைக் காட்டும் குறி. பிரியஸில் பெரிய ஹைபிரிட் பேட்டரி தவிர, சாதாரண 12 வோல்ட் பேட்டரியும் ஒன்று உண்டு. அது வலுவிழந்தாலும் பிரேக் விளக்குகள் எரியும். பல லட்ச ரூபாய் பாகத்துக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்தச் சின்னப் பேட்டரியை அளந்து பார்த்துவிட வேண்டும்.

அழுத்தம் முழுவதும் போய்விட்டால் காரில் பிரேக்கே இருக்காது என்பதில்லை. கால் தரும் வலுவால் மட்டும் ஆயில் தள்ளப்படும். ஆனால் பெடல் கல்லாக இறுகும், நிற்கும் தூரம் கூடும், மின்மோட்டார் மூலமான பிரேக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்காது. தொடர்ந்து பீப் ஒலிக்கும். அந்த நிலையில் காரை ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப்புக்குப் போவதைவிடத் தூக்கிக்கொண்டு போவதே முறை. சத்தம் மட்டும் அடிக்கடி வருகிறது, விளக்கு எரியவில்லை என்றால் அடுத்த சில வாரங்களுக்குள் முடிவெடுக்க நேரம் இருக்கிறது. பிரேக் கோளாறில் "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்" என்ற வழி கிடையாது. ஏசி கெட்டால் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். இங்கே அப்படித் தள்ளிப்போட முடியாது என்பதால்தான் செலவுக் கணக்கு உடனே வந்து நிற்கிறது.

யூனிட்டைச் சரிசெய்ய மூன்று வழிகள். புதியதை வாங்கி மாட்டுவது ஒன்று. உடைத்து விற்கும் காரிலிருந்து கழற்றிய பழையதை வாங்குவது இன்னொன்று. யூனிட்டைப் பிரித்து உள்ளே சரிசெய்யத் தருவது மூன்றாவது. உள்பாகங்களை டொயோட்டா தனியே விற்பதில்லை என்பதால் மூன்றாவது வழி கைதேர்ந்த சில இடங்களில் மட்டுமே சாத்தியம். எழுத்து மூலம் உத்தரவாதம் தராதவரிடம் அதைச் செய்துகொள்ளத் தேவையில்லை. பழைய யூனிட் புதியதன் விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கும். ஆனால் அதுவும் அதே வயது வால்வுகளைக் கொண்டதுதான். அலமாரியில் இருக்கும் யூனிட்டின் கசிவை எண்ணிப் பார்க்கவும் முடியாது. காரில் மாட்டி ஓட்டிய பிறகே தெரியும். எந்த வழியானாலும் கூலி பெரிது. கலத்தின் அழுத்தத்தை ஸ்கேனர் கட்டளையால் முழுவதும் இறக்கிய பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் ஆயில் பீறிட்டு ஆளைக் காயப்படுத்தும். மாட்டிய பிறகு காற்று எடுப்பதும், புதிய வால்வுகளின் அளவுகளைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்பதும் அதே ஸ்கேனரால்தான். சாதாரணக் காரில் செய்வதுபோல ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்று எடுக்கும் வழி இங்கே பலிக்காது. இதைச் செய்யத் தெரியாத கடையில் புதிய யூனிட்டைக் கொடுத்தாலும் பெடல் சரியாக வராது.

ஒர்க்ஷாப்பில் இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. கலத்தின் அழுத்தம் இறங்கியிருக்கும்போது அதிலிருந்த ஆயில் தொட்டிக்கு வந்துவிடும். அளவு கூடியதாகத் தெரியும். அழுத்தம் ஏறியதும் ஆயில் கலத்துக்குப் போய், தொட்டியில் அளவு குறையும். இதைத் தெரியாமல், அழுத்தம் ஏறிய நிலையில் அளவு குறைந்துவிட்டதென்று விளிம்பு வரை ஊற்றி வைத்தால், அடுத்த முறை அழுத்தத்தை இறக்கும்போது ஆயில் வழிந்து பெயின்ட்டை அரிக்கும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் 2011 மாடல் பிரியஸ் ஒன்று, இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பிரேக் நல்ல நிலையில் இருந்தால் 6,500 டாலருக்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிந்தபடி விற்றால் 3,500. புதிய யூனிட், கூலி எல்லாம் சேர்ந்து 3,000 டாலர். "காரின் விலையில் பாதியைத் தாண்டினால் செலவு செய்யாதே" என்று பலரும் சொல்லும் விதிப்படி, இது எல்லைக்கோட்டுக்கு அருகே வந்து நிற்கிறது. ஆனால் அந்த விதி கேட்கும் கேள்வியே தவறு. விற்கத்தான் போகிறார் என்றால், 3,000 செலவு செய்து 3,000 கூடுதலாகப் பெறுவதில் லாபமில்லை, அப்படியே விற்றுவிடலாம். வைத்து ஓட்டப்போகிறார் என்றால் ஒப்பிட வேண்டியது வேறு: இந்தக் காரை 3,500க்குத் தள்ளிவிட்டு இதே மாதிரி இன்னொன்றை 6,500க்கு வாங்கினால், கையிலிருந்து போவதும் 3,000தான், அதன் மேல் வரியும் பதிவுக் கட்டணமும். வாங்கும் காரிலும் அதே வயது பழைய யூனிட்டே இருக்கும். இந்த நிலையில் பழுது பார்ப்பதே புத்திசாலித்தனம்.

கணக்கைக் கவிழ்ப்பது பக்கத்தில் காத்திருக்கும் அடுத்த செலவுதான். மூன்றாம் தலைமுறை பிரியஸில் வெளியேறும் புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பிவிடும் குழாய் கரி படிந்து அடைபடுவதும், அதைத் தொடர்ந்து ஹெட் கேஸ்கெட் போவதும் பரவலாகத் தெரிந்த குறை. காலையில் முதல் முறை எஞ்சின் பிடிக்கும்போது குலுங்கினால், கூலன்ட் காரணம் தெரியாமல் குறைந்தால், அந்தச் செலவு வாசலில் நிற்கிறது. ஹைபிரிட் பேட்டரியும் முதலில் வந்ததாகவே இருந்தால் அதுவும் நாள் எண்ணிக்கொண்டிருக்கும். அதற்கு 2,500 டாலர் என்று வைத்தாலே மொத்தம் 5,500 ஆகிறது. 6,500 டாலர் காரில் இதைப் போடுவது வீண். ஆகவே பிரேக் யூனிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் கூலன்ட்டையும் பேட்டரியையும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு ஆகும் சில நூறு டாலர்தான் முழு முடிவையும் தீர்மானிக்கிறது. ஓரிரண்டு வருடம் மட்டும் ஓட்டினால் போதும் என்பவருக்குப் பழைய யூனிட் பொருந்தும், விற்பவர் சில மாதமாவது உத்தரவாதம் கொடுத்தால். 2010 முதல் 2015 வரையிலான பிரியஸ்களில் சில குறிகள் வந்தால் வாரன்டி முடிந்த பிறகும் இலவசமாக மாற்றித் தர டொயோட்டா அமெரிக்காவில் ஒரு திட்டம் வைத்திருந்தது. அதற்கு வயது வரம்பு உண்டு என்பதால் இந்தக் கார்களில் பெரும்பாலானவை அதைத் தாண்டிவிட்டன. முன்பே மாற்றப்பட்டிருக்கும் கார் என்றால் அதற்கான பில்லைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

இதே கோளாறுக்கு இலங்கையில் பதில் வேறு. அங்கே 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. வரியும் மிக அதிகம். இதனால் பதினைந்து வயது பிரியஸுக்கும் சந்தையில் பெரிய விலை நிற்கிறது. யூனிட்டின் விலை அதில் சிறு பங்காகவே இருக்கும். அங்கே காரை மாற்றும் யோசனைக்கே இடமில்லை. புதிய யூனிட்டா, ஜப்பானிலிருந்து வந்த பழைய யூனிட்டா என்பதே கேள்வி. நீண்ட நாள் வைத்திருக்கப்போகிறவர் புதியதையே தேர்வது நல்லது, ஏனென்றால் பழையது இரண்டு வருடத்தில் மறுபடி கசிந்தால் கூலியை இரண்டாம் முறையும் கொடுக்க வேண்டும்.

ஹைபிரிட் அல்லாத சாதாரணக் காரில் இந்தக் கணக்கு பெரும்பாலும் இலகுவாக முடியும். அதன் யூனிட் ஹைபிரிட்டைவிட மலிவு. மின்னணுப் பலகை மட்டும் கெட்டிருந்தால், சில மாடல்களில் அதைத் தனியே கழற்றிச் சரிசெய்து திரும்ப மாட்டலாம். ஆயில் குழாயைத் திறக்கவே வேண்டியதில்லை. சாவியை எடுத்த பிறகும் பம்ப் நிற்காமல் ஓடிப் பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது என்றால் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும். பல கார்களில் அந்த ரிலே யூனிட்டுக்குள்ளேயே இருப்பதால் பலகையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி வைப்பதே வழி. ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்து, சிவப்புப் பிரேக் விளக்கு எரியாதவரை சாதாரணப் பிரேக் வேலை செய்யும். சக்கரம் பூட்டுவதைத் தடுக்கும் உதவி மட்டும் இருக்காது. அந்த நிலையில் நிதானமாக ஓட்டிக்கொண்டுபோய்ச் சோதித்துக்கொள்ளலாம்.